இன்டர்ன் கொடுப்பனவில் "வரி 6%", "ஈபிஎஃப் 20%" என்று பிடித்தால் உடனே கேளுங்கள்: எனக்கு ஆறு மாதத்தில் போனது 56,700 ரூபாய்

கடந்த ஆண்டு யூன் முதல் நவம்பர் வரை யாழ் நகரில் ஒரு சிறிய மென்பொருள் கொம்பனியில் இன்டர்னாக இருந்தேன். மாதம் 45,000 ரூபாய் என்று கடிதத்தில் இருந்தது. முதல் மாதம் வங்கிக்கு வந்தது 31,925 ரூபாய். சம்பளச் சிட்டையைப் பார்த்தேன். கழிவுகள் என்ற பகுதியில் நான்கு பதிவுகள் இருந்தன: வருமான வரி 6% 2,700, ஈபிஎஃப் 20% 9,000, ஈரிஎஃப் 3% 1,350, முத்திரை 25. கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் வந்தது. கணக்கு சரி என்றால் எல்லாம் சரி என்று நினைத்து ஆறு மாதமும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பயிற்சி முடிந்த பிறகு சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். பல வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். சிட்டையை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். "பிள்ளை, அவை போட வேண்டிய காசையும் உன்னட்டையே எல்லோ வெட்டியிருக்கினம். இதுக்கு வரி எங்கையிருந்து வந்தது?" என்றார்.

முதலில் வரியைச் சொல்கிறேன். இதில்தான் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் குழப்பம். இன்டர்ன் கொடுப்பனவு வருமானமா என்று கேட்டால், ஆம், வருமானம்தான். "ஸ்டைபன்ட்" என்று பெயர் போட்டாலும், அவர்கள் சொன்ன வேலையை அவர்கள் சொன்ன நேரத்தில் செய்து மாதா மாதம் வாங்கினால் அது தொழில் வருமானத்தில் சேரும். ஆனால் வருமானத்தில் சேர்வதும் வரி கட்ட வேண்டியிருப்பதும் ஒன்றல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் விடுபடுகிறது. மாதமாகப் பார்த்தால் 150,000. அதற்கு மேல் போகும் பகுதிக்குத்தான் 6% தொடங்குகிறது. 160,000 வாங்கும் ஒருவருக்குக்கூட மேலதிகமான 10,000க்கு மட்டும் 6%, அதாவது 600 ரூபாய்தான் மாத வரி. எனக்கு ஆறு மாதமும் சேர்த்தே 270,000. என் வரி பூச்சியம். முதல் ரூபாயிலிருந்து 6% பிடிக்க எந்த அட்டவணையும் இடம் கொடுக்கவில்லை.

அடுத்தது ஈபிஎஃப். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8%, தொழில் தருநர் பங்கு 12%. ஈரிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3% முழுவதும் தொழில் தருநருடையது. அந்த 12 வீதத்தையும் 3 வீதத்தையும் எங்கள் சம்பளத்திலிருந்து எடுக்கச் சட்டம் விடாது. ஒழுங்கான சிட்டைகளிலும் இந்த இரண்டும் இருக்கும், ஆனால் தேறிய தொகைக்குக் கீழே, தகவலுக்காக மட்டும் இருக்கும். என் சிட்டையில் எல்லாவற்றையும் ஒரே நிரலில் போட்டு 8ஐயும் 12ஐயும் கூட்டி "20%" என்று எழுதியிருந்தார்கள். அதனால்தான் கூட்டிப் பார்த்த எனக்குப் பிழை தெரியவில்லை. கூட்டல் சரியா என்று பார்த்ததோடு விட்டேன், ஒவ்வொரு கழிவும் யாருடைய பங்கு என்று பார்க்கவில்லை.

என் 45,000க்கு உண்மையில் கழிய வேண்டியது ஈபிஎஃப் 8% ஆன 3,600உம் முத்திரை 25உம் மட்டும். கைக்கு 41,375 வந்திருக்க வேண்டும். மாதம் 9,450 குறைந்தது. ஆறு மாதத்துக்கு 56,700.

கணக்குப் பகுதியில் கேட்டபோது, "மொத்தச் செலவே 45,000 என்றுதான் பேசினோம், எங்கள் பங்கும் அதற்குள்தான்" என்றார்கள். கடிதத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. இருந்திருந்தாலும் தங்கள் பங்கை என்னிடம் பிடிக்க முடியாது. வரியைப் பற்றிக் கேட்டேன். "அது அரசாங்கத்துக்குப் போய்விட்டது" என்றார்கள்.

போனதா இல்லையா என்பதை அவர்கள் வாயால் கேட்டு நம்பத் தேவையில்லை. தேசிய அடையாள அட்டையோடு தொழில் திணைக்களத்தின் யாழ் அலுவலகத்துக்குப் போனேன். என் பெயரில் ஈபிஎஃப் கணக்கே திறக்கப்படவில்லை. வரிக்கு, பிடித்ததற்கான சான்றிதழை எழுத்தில் கேட்டேன். ரி 10 என்று சொல்வார்கள், வரி பிடிக்கும் தொழில் தருநர் கொடுக்க வேண்டியது. கேட்டதும் பேச்சு மாறியது. சான்றிதழ் இல்லை, ஏனென்றால் கட்டவே இல்லை.

இந்த வித்தியாசம் முக்கியம். பிடித்த வரி உண்மையிலேயே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போயிருந்தால், வருட முடிவில் வரி விபரத்திரட்டு கொடுத்து அங்கே மீளக் கேட்கலாம். போகவே இல்லை என்றால் திணைக்களத்திடம் திருப்பித் தர ஒன்றும் இருக்காது. அது வரி அல்ல, தராமல் வைத்திருக்கிற என் சம்பளம். கொம்பனியிடம்தான் கேட்க வேண்டும். என் தோழி ஒருத்தி முதல் வகையில் இருக்கிறாள். அவளும் ஆறு மாதம் 45,000க்கு இன்டர்ன். பிறகு டிசம்பரில் 175,000 சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. புதிய இடத்தில் மாதம் 1,500 ரூபாய் வரி பிடிக்கிறார்கள். அது ஏமாற்று அல்ல, மாத அட்டவணைப்படி சரிதான். ஆனால் மார்ச் வரை கூட்டினால் அவளுடைய வருட வருமானம் 970,000தான், 18 இலட்சத்துக்குள். பிடித்த 6,000 ரூபாயை அவள் திரும்பக் கேட்கலாம். அதற்கு ரி 10 சான்றிதழும் வரி செலுத்துநர் அடையாள இலக்கமும் வேண்டும். சந்தேகம் இருந்தால் இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

நான் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். நியமனக் கடிதம், ஆறு சிட்டைகள், வங்கிக் கூற்று மூன்றையும் இணைத்தேன். வங்கிக் கூற்று கட்டாயம் வேண்டும். சிட்டையில் உள்ள தொகைதான் கைக்கு வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. "இன்டர்னுக்கு ஈபிஎஃப் இல்லை" என்று கொம்பனி சொல்லிப் பார்த்தது. ஆறு மாதமும் ஈபிஎஃப் என்று எழுதிப் பிடித்த அவர்களுடைய சிட்டையே அதற்குப் பதிலாக இருந்தது. அதோடு, பயிலுனர் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவரும் ஈபிஎஃப் சட்டத்தில் ஊழியர்தான் என்று அலுவலர் சொன்னார்.

ஏன் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தேன் என்று வீட்டில் கேட்டார்கள். பிழை தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் கேட்கப் பயந்திருப்பேன். பயிற்சி நாட்குறிப்பேட்டில் கொம்பனி மேற்பார்வையாளர்தான் ஒப்பம் வைக்க வேண்டும். ஒப்பம் இல்லாவிட்டால் பட்டம் இழுபடும். இது எல்லா இன்டர்ன்களுக்கும் உள்ள பயம், கொம்பனிக்கும் தெரியும். ஒப்பத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருங்கள், ஆனால் முதல் மாதத்திலிருந்தே சிட்டைகளைச் சேர்த்து வையுங்கள். மின்னஞ்சலில் வந்தால் உங்கள் சொந்த முகவரிக்கு மாற்றி வையுங்கள். வேலை முடியும் நாளோடு கொம்பனி மின்னஞ்சலைப் பூட்டிவிடுவார்கள். எனக்கும் பூட்டினார்கள், அச்சடித்து வைத்திருந்தபடியால் தப்பினேன்.

இன்றைய நிலைமை இது: ஈபிஎஃப் கணக்கு திறக்கப்பட்டு ஆறு மாதப் பணமும் என் பெயரில் வந்துவிட்டது. 12%, 3% என்று என்னிடம் பிடித்த 40,500 ரூபாயும் வங்கிக்கு வந்தது. "வரி" என்று பிடித்த 16,200 இன்னும் வரவில்லை. அடுத்த விசாரணைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். அதே இடத்தில் இப்போது புதிதாக மூன்று பேர் இன்டர்னாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இதை வாசிக்கிறவர்களில் அவர்களும் இருந்தால், இந்த மாதச் சிட்டையை எடுத்து "ஈபிஎஃப்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 8 இருக்கிறதா, 20 இருக்கிறதா என்று பாருங்கள்.