பாய்லர் டீயும் கொதிக்கவிட்ட டீயும்: ஒரு சந்து, எதிரெதிர் இரண்டு கடைகள்

வேலூர் காந்தி ரோட்டிலிருந்து பிரிகிற சந்துகளில் ஒன்றில், பத்தடி இடைவெளியில் எதிரும் புதிருமாக இரண்டு டீக்கடைகள். சந்து முழுக்க லாட்ஜுகள். சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருபவர்கள் வாரக்கணக்கில் தங்குவதால், பெயர்ப்பலகைகளில் தமிழுக்குக் கீழே வங்காள எழுத்தும் இருக்கும். இரண்டு கடைக்கும் பால் ஊற்றுபவர் ஒருவரே. டஸ்ட் வாங்கும் மளிகையும் ஒன்றுதான். அப்படியிருந்தும் இரண்டு டீக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏழெட்டு வருடமாக இரண்டிலும் குடிப்பவன் நான். எது நல்ல கடை என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால்தான் பதில் சொன்ன மாதிரி இருக்கும்.

வடக்குப் பக்கம் பெரியண்ணா கடை. பித்தளை பாய்லர், துணிப் பை, நீளக் கைப்பிடி வைத்த குவளை. பைக்குள் டஸ்ட்டைப் போட்டு, பாய்லரிலிருந்து கொதிநீர் பிடித்து, மூன்று நான்கு நிமிடம் விட்டு டிகாஷனைப் பிரித்துத் தனியே வைத்துவிடுவார். கிளாஸில் சர்க்கரை, மேலே கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக டிகாஷன், மீதிக்குப் பால். இரண்டு ஆத்து ஆத்தி நுரையோடு வைப்பார். ஒவ்வொரு கிளாஸும் தனித்தனி டீ.

தெற்குப் பக்கம் பாய் கடை. அங்கே பாய்லரே கிடையாது. பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் வைத்து, தட்டிய இஞ்சியைப் போட்டுக் கொதிக்கவிட்டு, டஸ்ட், சர்க்கரை, கடைசியில் ஒரு லிட்டர் பால். அது பொங்கிப் பொங்கி இறங்கி, நிறம் செங்கல் மாதிரி ஆனதும் வடிகட்டுவார். ஒரு தடவை போட்டால் பதிமூன்று, பதினான்கு கிளாஸ் வரும். எல்லாம் ஒரே சர்க்கரை, ஒரே கடுப்பு.

பாய் கடை போட்ட புதிதில் பெரியண்ணாவுக்குத் தூக்கம் போய்விட்டது. காலை ஐந்து மணிக்கு ஃபிளாஸ்க்கோடு வருபவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். அவர் ஒரு ரூபாய் குறைத்தார். பாய் கிளாஸைப் பெரிதாக்கினார். இரண்டு பேருக்கும் நஷ்டம் வந்ததுதான் மிச்சம். அப்புறம்தான் இருவருமே அடுத்தவன் வித்தையை எடுத்துப் பார்க்கும் முடிவுக்கு வந்தார்கள்.

பெரியண்ணா இஞ்சி டீ போட ஆரம்பித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாய்லர் பக்கத்தில் ஒரு ஸ்டவ்வை வைத்து மூன்று லிட்டர் பாலை இளஞ்சூட்டில் ஏற்றினார். ஒரு கைப்பிடி இஞ்சியை அம்மியில் தட்டி, சாறோடு அப்படியே பாலுக்குள் போட்டார். ஆவி கிளம்பும் நேரத்தில் பால் ஓரத்தில் பொரிபொரியாகப் பிரிந்தது. ஒரு நிமிடத்தில் மொத்தமும் திரிந்து, பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் தனியே நின்றது. பால்காரர் அன்றைக்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை. "நேத்து பாலக் கலந்து ஊத்துனியா?" என்று சந்தே கேட்கும்படி பெரியண்ணா சத்தம் போட்டார்.

பால்காரர் பதில் பேசவில்லை. கேனில் மிச்சமிருந்த அதே பாலில் அரை டம்ளர் எடுத்து, வேறு பாத்திரத்தில் தனியாகக் கொதிக்க வைத்தார். தளதளவென்று கொதித்தது, திரியவில்லை. "பாலு நல்லாதாண்ணா கீது. நீ இஞ்சிய எதுல போட்டே? எதிர்ல பாரு, அவரு தண்ணில போட்டுக் கொதிக்க வுட்டுட்டுதான் பாலு ஊத்துறாரு" என்றார்.

விஷயம் அதுதான். பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. அறுபது, எழுபது டிகிரி சூட்டில் அது மும்முரமாக வேலை செய்யும். நன்றாகக் கொதித்த தண்ணீரில் நாலைந்து நிமிடம் கிடந்தால் அடங்கிவிடும், அதற்கப்புறம் பாலை ஊற்றினால் ஒன்றும் ஆகாது. பாலை மெதுவாகச் சூடேற்றும்போது பச்சை இஞ்சியைப் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி, ஏனென்றால் அந்த ஆபத்தான சூட்டில் பால் ரொம்ப நேரம் நிற்கிறது. வீட்டில் இஞ்சி டீ திரிந்துபோனால் பால் பாக்கெட்டைத் திட்டுவதற்கு முன் பால்காரர் செய்த அரை டம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள்.

மறுநாள் பெரியண்ணா முறையாகப் போட்டார். டீ நன்றாகவே வந்தது. ஆனால் பழைய ஆட்கள் கிளாஸை வாயில் வைத்ததுமே முகம் சுளித்தார்கள். லாட்ஜ் மேனேஜருக்குச் சர்க்கரை வியாதி, சர்க்கரையே கூடாது. ஆட்டோக்காரர் ஒருவருக்கு டிகாஷன் தூக்கலாக வேண்டும். என் அப்பாவுக்குப் பால் அதிகம், லைட்டாக. ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்ட பிறகு யாருக்கு எதைக் குறைப்பது? அவர்கள் வாயைத் திறந்து கேட்கும் வழக்கமும் இல்லை. சந்தில் தலை தெரிந்ததுமே பெரியண்ணாவின் கை தானாக அளந்துவிடும், இருபது வருடப் பழக்கம் அது. அந்தக் கைக்கு பாத்திரத்தில் வேலை இல்லாமல் போனது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

பாய் கடையில் நடந்தது இன்னும் மோசம். அவர் எங்கிருந்தோ பழைய பாய்லர் ஒன்று வாங்கி வந்தார். காலை நான்கரைக்கு டிகாஷன் இறக்கியவர், டஸ்ட் பையை அந்தக் குவளையிலேயே ஊறவிட்டு, பத்து மணி வரை அதே டிகாஷனை ஊற்றினார். நேரமாக ஆக அது கறுத்தது. குடித்தவர் நாக்கில் கசப்பு ஒட்டிக்கொண்டு, வாய் வறண்டு போனது. டிகாஷன் கடுப்பாக இருப்பது வேறு, கசப்பது வேறு. கடுப்பு டஸ்ட்டின் அளவால் வருவது, கசப்பு டஸ்ட் தண்ணீரில் கிடக்கும் நேரத்தால் வருவது. பையை நேரத்துக்கு எடுத்து, கூட்டத்தைப் பார்த்துச் சின்னச் சின்னதாகப் புது டிகாஷன் இறக்குவதுதான் பாய்லர் கடையின் தொழில். பாத்திரத்தில் கொதிக்கவிடுபவருக்கு அந்த நினைப்பு வேண்டியதில்லை, வடிகட்டியதும் சக்கை குப்பைக்குப் போய்விடும்.

இன்னொரு குறையும் அப்போது வெளியே வந்தது. வங்காளிகள் பலர் பால் இல்லாத டீ கேட்பார்கள், லால் சா என்று. பாய் தன் பாய்லரில் போட்டுக் கொடுத்த லால் சாவை ஒருவர் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். மேலே எண்ணெய் படர்ந்த மாதிரி ஒரு மெல்லிய ஏடு, கிளாஸ் சுவரில் பழுப்பு வளையம். அவர் எதிர்ப்பக்கம் போய் அதையே கேட்டார். பெரியண்ணா கொடுத்தது மாதுளைச் சாறு மாதிரித் தெளிவாக இருந்தது.

டஸ்ட் ஒன்றுதான் என்று சொன்னேன் அல்லவா? வித்தியாசம் தண்ணீரில். பாய் எடுப்பது கட்டடத்தின் போர்த் தண்ணீர். பாலாற்றங்கரை ஊர்களில் போர்த் தண்ணீரின் உப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் டீச்சாறும் காற்றுப் படும் இடத்தில் சேர்ந்துதான் அந்த ஏட்டைக் கட்டுகின்றன. இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் ஏடு கட்டாது. பாத்திரத்தில் இஞ்சியும் பாலும் சேர்ந்து கொதிக்கும் டீயில் இது யார் கண்ணுக்கும் படாது, பாலாடை என்று நினைத்துக்கொள்வார்கள். பெரியண்ணாவின் மனைவியோ வருடக்கணக்காகக் குழாயில் விடும் காவேரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்து பாய்லரை நிரப்புகிறார். போர்த் தண்ணீர் ஊற்றினால் பாய்லர் உள்ளே வெள்ளையாக உப்புக் கட்டிவிடும், சுரண்டி மாளாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். டீ தெளிவாக வரும் என்று அவரும் நினைத்ததில்லை.

பாயின் பலம் என்ன என்பதை நானே என் தேவைக்குத்தான் கண்டுகொண்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் விடியற்காலையில் ஃபிளாஸ்க்கில் டீ வாங்கிப் போனேன். பெரியண்ணா கடையில் வாங்கிய நாளில், அம்மா எழுந்து குடிக்கும்போது டீ வெதுவெதுப்பாக இருந்தது. பாய் கடையில் வாங்கிய நாளில், ஏழரை மணிக்கும் ஊதித்தான் குடிக்க வேண்டியிருந்தது. ஆத்தினால் டீ உதடு பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடுகிறது, அதற்குத்தானே ஆத்துவது. கிளாஸில் குடிப்பவருக்கு அது சுகம், ஃபிளாஸ்க்குக்கு நஷ்டம். பாய் முதலில் கொதிநீர் ஊற்றி ஃபிளாஸ்க்கை அலசிக் கொட்டுவார். பிறகு கொதித்து இறங்கிய டீயை ஆத்தாமல், கழுத்து வரை நிரப்பி மூடுவார். ஐந்து பேர் டீயை ஐந்து தடவை கலக்கவும் வேண்டாம், அரை நிமிடத்தில் ஆள் நகர்ந்துவிடலாம். இதைச் சொன்னபோது பாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஃபிளாஸ்க்கு சூடா இருக்கோணும்னு எங்க நைனா பண்ணுவாரு, நானும் பண்றேன். இதுக்காகவா என்கிட்ட வர்றாங்க?" என்றார். அந்த வாரமே பழைய பாய்லரை விற்றுவிட்டார்.

ஆகவே என் தீர்ப்பு இது. நின்று குடிக்கவும், சர்க்கரை இல்லாமலும், பால் இல்லாமலும் குடிக்கவும் பெரியண்ணா கடை. அறைக்கோ வார்டுக்கோ கொண்டுபோக பாய் கடை. பாயிடம் சர்க்கரை குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அவரால் முடியாது. ஃபிளாஸ்க்கில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அவர் டீயையும் வைக்காதீர்கள். சூடு இருக்கும், ருசி போய்விடும்.

இருவரும் இன்னும் ராசியாகிவிடவில்லை. பெஞ்சை யார் எவ்வளவு தூரம் சந்துக்குள் இழுத்துப் போடுவது என்பதில் போன மாதம்கூட ஒரு சண்டை. ஆனால் நேற்று காலை வங்காளிப் பெண் ஒருவர் பெரிய ஃபிளாஸ்க்கோடு வடக்குப் பக்கம் வந்து நின்றபோது, பெரியண்ணா அதை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, அவரிடமே திருப்பிக் கொடுத்து எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். பாய் அடுப்பைக் கூட்டி வைத்தார்.