ஒரே பால், இரண்டு காபி: எதில் திரியும், ஏன்?

பெங்களூரில் பல தமிழ் வீடுகளில் இப்போது இரண்டு வகைக் காபி ஓடுகிறது. ஒன்று, பில்டரில் இறங்கிய டிக்காஷனும் கொதித்த பாலும் சேர்ந்த நம் டபரா காபி. இன்னொன்று, சிக்கமகளூர், குடகுப் பக்கத்து அராபிகாக் கொட்டையை லேசாக வறுத்து அரைத்து, காகித வடிகட்டியில் வெந்நீர் ஊற்றி இறக்கும் கறுப்புக் காபி. அதில் சிலர் கடைசியாகக் கொஞ்சம் பால் விட்டுக்கொள்வார்கள். ஒரே பாக்கெட் பாலை இரண்டிலும் ஊற்றிப் பார்த்தால், சில நாள் டபரா காபி அருமையாக இருக்கும், கறுப்புக் காபியில் மட்டும் பால் பொரிப்பொரியாகத் திரிந்து மிதக்கும். பால்காரரைத் திட்டுவதா, காபித்தூளைத் திட்டுவதா என்பது அதற்கப்புறம் வரும் சண்டை. இரண்டு கோப்பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சண்டைக்கு நல்ல விடை கிடைக்கிறது.

முதலில் பாலைப் பார்ப்போம். பாலின் புரதத்தில் பெரும்பங்கு கேசீன். அது கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. ஒவ்வொரு உருண்டையின் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன, ஒட்டுவதில்லை. புளிப்பு சேரும்போது அந்த மின்னூட்டம் குறைகிறது. தள்ளும் வலு போனதும் உருண்டைகள் ஒட்டிக் கட்டியாகின்றன. அதைத்தான் பால் திரிந்துவிட்டது என்கிறோம்.

எவ்வளவு புளிப்பு போதும் என்பதைச் சூடுதான் தீர்மானிக்கிறது. நல்ல பாலின் பி.எச் அளவு 6.6 முதல் 6.8 வரை இருக்கும். பி.எச் குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது என்று பொருள். அறை வெப்பத்தில் கேசீன் முழுவதும் பிரிந்து வர, பி.எச் 4.6 வரை இறங்க வேண்டும். தயிர் உறைவது அந்தப் பக்கம்தான். ஆனால் அறை வெப்பத்தில் அளந்த பி.எச் 6.2, 6.3 பக்கம் வந்திருந்தாலே அந்தப் பால் கொதிக்கும்போது திரிந்துவிடும். சூட்டில் கேசீன் உருண்டைகள் இன்னும் எளிதாக ஒட்டும். போதாக்குறைக்கு, சூடேறும்போது பாலின் பி.எச்சும் தானாகவே கொஞ்சம் இறங்குகிறது. ஐஸ் காபியில் அமைதியாகக் கலக்கும் பால், அதே கொட்டையில் போட்ட சூடான காபியில் திரிவது இதனால்தான்.

சரி, இப்போது கோப்பைகளுக்கு வருவோம்.

லேசாக வறுத்த அராபிகாவில் இறக்கிய காபியின் பி.எச் பொதுவாக 5-ஐ ஒட்டி இருக்கும், சில சமயம் அதற்கும் கீழே. கொட்டையிலுள்ள சிட்ரிக், மாலிக் அமிலங்களும் குளோரோஜெனிக் அமிலமும் லேசான வறுப்பில் நிறையவே மிஞ்சுகின்றன. அந்தப் பழப்புளிப்புக்காகத்தான் ரசிகர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். நம் பில்டர் காபிக்குக் கொட்டையை நன்றாகக் கறுக்க வறுப்பார்கள். கூடுதல் வறுப்பில் அந்த அமிலங்கள் பெருமளவு சிதைந்துவிடுவதால் பி.எச் மேலே நிற்கும். தூளில் ரோபஸ்டா கலந்திருந்தால் புளிப்பு இன்னும் கொஞ்சம் குறையும். ஆக, புளிப்புக் கணக்கில் டபரா காபி முதலிலேயே முந்திக்கொள்கிறது.

ஆனால் வறுப்பை விடப் பெரிய வித்தியாசம் அளவில் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. டபரா காபியில் 40 மில்லி டிக்காஷனுக்கு 120 மில்லி பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு பால். பாலிலுள்ள புரதமும் பாஸ்பேட்டும் புளிப்பைத் தாங்கி விழுங்கும் தன்மை உள்ளவை என்பதால், இவ்வளவு பாலுக்குள் டிக்காஷன் வந்து விழும்போது கலவையின் பி.எச் பாலின் பக்கமே நிற்கிறது. கறுப்புக் காபியில் கதை தலைகீழ். 200 மில்லி காபியில் 30 மில்லி பால் என்றால், மொத்தத்தில் பால் எட்டில் ஒரு பங்குதான். அங்கே பால்தான் காபியின் பக்கம் இழுபடும்.

எதில் எதை ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். பாலில் டிக்காஷன் விட்டால், ஒவ்வொரு சொட்டும் பால் கடலில் கரைகிறது. கறுப்புக் காபியில் பால் விட்டால், முதலில் விழும் பால் முழுப் புளிப்பையும் முழுச் சூட்டையும் தனியாகச் சந்திக்கிறது. மீதிப் பால் வந்து சேருவதற்குள் அது திரிந்திருக்கும். ஒருமுறை திரிந்த புரதம் கலக்கினால் பழையபடி ஆகாது.

இதை ஒரு வீட்டில் நேரில் பார்த்தேன். அல்சூரில் என் தங்கை வீட்டில் மாமியாருக்கு டபரா காபி, மாப்பிள்ளைக்குக் கறுப்புக் காபியில் கொஞ்சம் பால். பாக்கெட் விடியற்காலையில் வாசல் கூடையில் விழும், வெயில் காலத்தில் சில நாள் எட்டு மணி வரை அங்கேயே கிடக்கும். அதில் பாதியைக் காய்ச்சிவிட்டு, மீதியைக் காய்ச்சாமலே பிரிஜ்ஜில் வைப்பார்கள். மறுநாள் காலை அந்த மீதியில்தான் பிரச்சினை. மாப்பிள்ளையின் கோப்பையில் பால் திரிந்தது. மாமியார் அதே பாலைக் காய்ச்சினார், திரியவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "பால் கெட்டிருந்தா காய்ச்சும்போதே திரிஞ்சிருக்குமே? உங்க காபித்தூள்லதான் ஏதோ இருக்கு."

நடந்தது இதுதான். வாசலில் கிடந்த நேரத்தில் பாலிலிருந்த பாக்டீரியா லாக்டோஸைப் புளிப்பாக மாற்றத் தொடங்கிவிட்டது. பால் பாஸ்சரைஸ் செய்யப்பட்டிருந்தாலும் அதில் எல்லா நுண்ணுயிரும் அழிந்துவிடுவதில்லை, குளிர் போனால் மிச்சமிருப்பவை பெருகும். பி.எச் 6.7-லிருந்து 6.45 என்று இறங்கியிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவில் நாக்குக்குப் புளிப்புத் தெரியாது, வாசனையும் மாறாது. 6.3 வரை இறங்கியிராததால் கொதிக்க வைத்தாலும் தப்பித்துவிடும். ஆனால் இன்னும் புளிப்பைத் தாங்கும் கையிருப்பு கொஞ்சம்தான் மிச்சம். டபரா காபியில் டிக்காஷனின் சிறு புளிப்பை முக்கால் பங்கு பால் பங்கிட்டுத் தாங்கிக்கொண்டது. 85 டிகிரிச் சூட்டில் இருந்த கறுப்புக் காபியில் விழுந்த பாலோ, அந்தக் கையிருப்பை நொடியில் இழந்தது. இன்னொரு நாள் வாசலில் கிடக்காமல் வந்தவுடன் எடுத்த பால் அதே காபியில் திரியவில்லை என்பதே தூள்மேல் மட்டும் பழி இல்லை என்பதற்குச் சாட்சி.

அதனால் புளிப்பு, சூடு, பாலின் புதுமை என்ற மூன்றில் எது பெரியது என்று கேட்டால், என் கணிப்பில் பாலின் புதுமைதான். புளிப்பும் சூடும் பாலைச் சோதிக்கின்றன. அந்தச் சோதனையில் தேறுமா என்பதைப் பாலின் வயதும் அது குளிரில் இருந்த விதமும் முன்பே தீர்மானித்துவிடுகின்றன. நல்ல புதுப் பாலும் மிகப் புளிப்பான, ஆவி பறக்கும் காபியில் எப்போதாவது திரியலாம். அது விதிவிலக்கு. பழைய பால் திரிவது எதிர்பார்க்க வேண்டியது.

இதற்கு வழி என்ன? மாப்பிள்ளைக்கு இருந்த வழிகளில் முதலாவது காபியைக் கொஞ்சம் ஆறவிடுவது. 85 டிகிரியில் இருக்கும் 200 மில்லி காபியில் 5 டிகிரி குளிர்ந்த பால் 30 மில்லி ஊற்றினால் கலவை சுமார் 75 டிகிரி. 70 வரை ஆறவிட்டு ஊற்றினால் சுமார் 62. குடிக்க இதமான சூடு, திரிதலும் கணிசமாகக் குறையும். இரண்டாவது, பாலைச் சூடாக்கிக் கோப்பையில் முதலில் விட்டு அதன்மேல் காபியை ஊற்றுவது. இது ஊற்றும் வரிசையை மாற்றிப் பாலைத் தனியாக மாட்டிவிடாமல் காக்கிறது, கூடவே அந்தப் பால் தேறுமா என்று அடுப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டிலும் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனாலும் இவை இரண்டும் பழைய பாலுக்குக் கொடுக்கும் சலுகைகள். பாக்கெட் வந்தவுடன் முழுவதையும் காய்ச்சி, ஆறவைத்து, மூடிப் பிரிஜ்ஜில் வைப்பதுதான் நேரான வழி. காய்ச்சினால் பாக்டீரியாவின் பெரும்பகுதி அழிந்து புளிப்பு ஏறுவது நின்றுபோகும். ஏற்கெனவே ஏறிய புளிப்பை மட்டும் காய்ச்சுவது குறைக்காது, அதனால் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்.

ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் திரியாது என்பார்கள். உண்மைதான், புளிப்பை அது முறிக்கும். ஆனால் பாலில் பாக்டீரியா பெருகியிருப்பதை அது மறைக்கிறதே தவிர மாற்றுவதில்லை. நான் போடமாட்டேன்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும், அது காபியின் புளிப்பில் ஒரு பகுதியை முறித்துவிடும். அதையே ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்துப் பயன்படுத்தினால் அந்தக் காப்பு போய்விடுகிறது, காபி கூர்மையாகப் புளிக்கும். வீடு மாறியதும் அதே தூளில் பால் திரியத் தொடங்கினால் இதையும் சந்தேகிக்கலாம். அதேபோல அலுவலகத்தில் சூடுபலகையில் மணிக்கணக்காக வைத்த காபியும் நேரம் போகப் போகப் புளிப்பேறும், அதில் பால் விடுவது துணிச்சல்தான்.

டெட்ரா பேக் பால் இந்த ஒப்பீட்டில் பாக்கெட் பாலை வெல்கிறது, பிரிக்காத வரைக்கும். மிக அதிகச் சூட்டில் பதப்படுத்தி மூடியிருப்பதால் அதில் புளிப்பேற்ற பாக்டீரியா இல்லை. பிரித்த பிறகு அதுவும் சாதாரணப் பால் மாதிரிதான், பிரிஜ்ஜில் வைத்துச் சில நாளில் தீர்க்க வேண்டும். சோயா பால் காபியில் எளிதாகத் திரியும். காபிக்கடைகளுக்கென்று விற்கும் வகைகளில் பாஸ்பேட் உப்பு சேர்த்துத் தாங்கும்படி செய்திருப்பார்கள்.

கடைசியாக, மிதப்பதெல்லாம் திரிந்த பால் அல்ல. காய்ச்சிய பாலின் ஆடை கிழிந்து மிதந்தால் அது மெல்லிய தகடாக இருக்கும், விரலில் எடுத்தால் வழவழப்பாக இருக்கும். மேற்பரப்பில் மட்டும் எண்ணெய் பளபளப்போடு சின்னச் சின்ன வெண்துணுக்குகள் மிதந்து, பால் புளிக்கவும் இல்லையென்றால், அது கொழுப்பு. குளிரிலும் வளரக்கூடிய சில பேசில்லஸ் பாக்டீரியாக்கள் கொழுப்புத் துளிகளின் உறையைச் சிதைத்ததால் வருவது. அதே வகை பாக்டீரியா புரதத்தையும் வெட்டும். அப்போது பி.எச் சரியாக இருந்தும், புளிப்பே இல்லாமல் பால் சூட்டில் கட்டியாகும், சில சமயம் லேசாகக் கசக்கும். உண்மையில் புளிப்பால் திரிந்தது என்றால் கோப்பை முழுக்கப் பொடிப்பொடியாகப் பரவி, கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்து, மேலே தெளிந்த பழுப்பு நீர் நிற்கும். ஆடை மட்டும் மிதந்தால் குடிக்கலாம். மற்றவற்றில் பாக்கெட்டின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.