அதிரசப் பாகை ஆறு நொடியில் முடித்த எடிட்டர்: சமையல் வீடியோ கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சமையல் வீடியோவை எடிட் செய்து தருகிறோம் என்று முகநூலில் விளம்பரம் போடுகிறவர்களிடம் வேலை கொடுக்கப் போகிறவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் நாளைக்கே மாறிவிடும். ஆனால் வேலையை எப்படிக் கெடுத்தார்கள் என்று தெரிந்தால், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நாங்கள் கொடுத்தது என் மாமியார் தீபாவளிக்குச் சுடும் அதிரசம். போனை ஸ்டாண்டில் பொருத்தி, அரிசி ஊறப்போடுவதிலிருந்து எண்ணெயில் எடுப்பது வரை எல்லாவற்றையும் படம் பிடித்தோம். பேசிக்கொண்டது இதுதான்: எட்டு நிமிட வீடியோ, ஒவ்வொரு கட்டத்துக்கும் தமிழில் விளக்க வரி, தொடக்கத்தில் தேவையான பொருள்களின் பட்டியல், நேரம் பிடிக்கும் வேலைகளுக்கு மட்டும் வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ். கூலி 6,000 ரூபாய், பாதி முன்பணம். பச்சரிசி ஒரு கிலோ, வெல்லம் 750 கிராம், ஏலக்காய், சுக்கு என்று அளவுகளை மாமியார் தம் கையால் எழுதித் தந்த தாளையும் படமெடுத்து அனுப்பினேன்.

வந்த வீடியோவைப் பார்த்தால், கழுவிய அரிசியை வடிகட்டி நிழலில் துணியின் மேல் பரப்பும் காட்சி சாவகாசமாக ஓடுகிறது. மாவு சலிப்பது முழுதாக இருக்கிறது. வெல்லப் பாகு மட்டும் ஆறு நொடியில் முடிந்துவிடுகிறது!

அதிரசம் செய்தவர்களுக்கு இதில் உள்ள அநியாயம் சொல்லாமலே புரியும். செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதிரசத்தில் மற்ற எதில் தவறினாலும் சமாளிக்கலாம், பாகில் தவறினால் முடியாது. கொதிக்கும் பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால், அது கரையாமல் மெத்தென்று உருண்டு வர வேண்டும். கரைந்தால் பாகு போதாது; அந்த மாவு எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும். உருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஓசை வந்தால் அது கடலை உருண்டைக்கான பாகு, அதிரசம் கல்லாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம் அடுப்பின் வேகத்தைப் பொறுத்து ஒரு நிமிடம்கூட இருக்காது. பார்க்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த ஒரு நிமிடத்தைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாகு காய்ச்சிய மூலக் காட்சி பன்னிரண்டு நிமிடம். அதை ஆறு நொடியாக்க 120 மடங்கு வேகம் வேண்டும். வீடியோ நொடிக்கு 25 நிலைப்படங்களாக, அதாவது சட்டகங்களாக ஓடுகிறது என்றால், ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அடுப்படியில் கிட்டத்தட்ட ஐந்து நொடி போயிருக்கும். மாமியார் சொட்டு விட்டு உருட்டிக் காட்டியது பதினைந்து நொடி. அது மூன்று சட்டகமாகச் சுருங்கியது. கண் சிமிட்டினால் போயிற்று.

வேகமாக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வெல்லம் கரைவது, வடிகட்டியதை மறுபடி கொதிக்க வைப்பது, நுரை கட்டி எழும்புவது எல்லாவற்றையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம். முதல் சொட்டு தண்ணீரில் விழுவதற்குச் சற்று முன்பே வேகத்தை இயல்புக்குக் கொண்டுவந்து, பாகை இறக்கும் வரை வெட்டாமல் விட வேண்டும். அந்த இடத்தில் பின்னணி இசையைக் குறைத்து அடுப்பின் ஓசையையும் பேச்சையும் கேட்க விட வேண்டும். வேகமாக்கிய இடத்தில் உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு வரி போட வேண்டும். சமைத்துப் பழக்கமில்லாத எடிட்டருக்கு எது சலிப்பான காட்சி, எது முக்கியமான காட்சி என்று தெரியாமல் இருக்கலாம். அதற்காகத்தான் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை கைவைக்கக் கூடாது என்று குறித்தும் அனுப்பியிருந்தேன். அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

இதைவிட மோசமான வெட்டு அடுத்தது. பாகில் மாவைக் கொட்டிக் கிளறி, மேலே நெய் தடவி மூடி வைக்கிறார் மாமியார். அடுத்த காட்சியில் எண்ணெய் காய்கிறது. நடுவில் மாவு ஒரு நாள் முழுக்க ஊறியது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வீடியோவை முதலில் பார்த்த சின்ன மாமியார் போனில் கேட்டார்: “ஏன் அம்மா, உங்கள் வீட்டில் கிளறிய உடனே சுட்டுவிடுகிறீர்களா?” நாற்பது வருடமாக அடுப்படியில் இருப்பவருக்கே அந்தச் சந்தேகம் வந்தது என்றால், புதிதாகச் செய்கிறவர் என்ன செய்வார்? சமையல் வீடியோவில் இரண்டு காட்சிகளை ஒட்டவைத்தால், அவை அடுத்தடுத்து நடந்தவை என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

திருத்தச் சொன்னேன். “சரி அக்கா, பாகு காட்சியை நார்மல் ஸ்பீடில் வைத்துத் தருகிறேன்” என்றார். வைத்தும் தந்தார். மாமியார் பார்த்துவிட்டு, “இது யார் கை? இந்தக் கண்ணாடி வளையல் யாருடையது?” என்றார். நாங்கள் பாகு காய்ச்சியது வெண்கல உருளியில். வீடியோவில் இருந்தது அலுமினிய வாணலி! யாருடைய வீடியோவிலிருந்தோ வெட்டி எங்கள் வீடியோவில் ஒட்டியிருக்கிறார். கேட்டதற்கு, “உங்கள் கிளிப் டெலிட் ஆகிவிட்டது அக்கா, இரண்டும் பாகுதானே” என்று பதில் வந்தது. மூலக் காட்சி எங்களிடம் பத்திரமாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுபடி அனுப்பியிருப்பேன்.

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிட முடியாது. அந்தக் காட்சிக்கு உரியவர் யூடியூபில் பதிப்புரிமைப் புகார் கொடுத்தால், எச்சரிக்கை விழுவது பதிவேற்றிய சேனலின் மேல்தான், எடிட்டர் மேல் அல்ல. 90 நாளுக்குள் அப்படி மூன்று விழுந்தால் சேனலையே நீக்கிவிடுவார்கள். எனவே திரும்பி வரும் வீடியோவில் பாத்திரத்தையும், கையையும், அடுப்பு மேடையையும் ஒவ்வொரு காட்சியிலும் பாருங்கள்.

இனி எழுத்து. திரையில் தமிழ் வரிகள் பார்க்க ஒழுங்காகவே இருந்தன. சந்தேகம் வந்தது சப்டைட்டில் கோப்பைக் கேட்டபோதுதான். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் மொழிபெயர்த்துப் பார்க்கலாமே என்று தனியாக ஒரு SRT கோப்பும் பேசியிருந்தோம். அது இப்படி வந்தது:

```
7
00:00:41,000 --> 00:00:42,500
nty;yk; 750 fpuhk;
```

இது ‘வெல்லம் 750 கிராம்’. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும். யூடியூபில் ஏற்றினால் மேலே இருப்பது போலத்தான் தெரியும். மொழிபெயர்க்கவோ தேடவோ முடியாது.

ஏன் இன்னும் பாமினியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில், இப்போது எல்லாரும் அடிக்கும் யூனிகோடுத் தமிழை அப்படியே ஒட்டினால், சில அமைப்புகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். ‘வெல்லம்’ என்பதில் வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் போய், லகரத்துக்கு உரியது போலத் தோன்றும். Preferences பகுதியில் Graphics என்பதைத் திறந்து, எழுத்து அமைப்பை South Asian and Middle Eastern என்று மாற்றினால் சரியாகிவிடும். இது தெரியாதவர்கள் பாமினிக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே முன்பணத்துக்கு முன் ‘வெல்லம், கொழுக்கட்டை, பூண்டு’ என்று எழுதிய சின்ன மாதிரி வீடியோவும் அதன் SRT கோப்பும் கேளுங்கள். கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து தமிழ் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

அதே கோப்பில் நேரத்தையும் பாருங்கள்: ஒன்றரை நொடி! பொருள்களின் பட்டியலைப் பட்டியலாக வைக்காமல், ஒவ்வொன்றாக மின்னி மறையவிட்டிருந்தார். ஒரு வரி, வாய்விட்டு இரண்டு தடவை படிக்கும் நேரமாவது நிற்க வேண்டும். முழுப் பட்டியலும் ஒரே திரையில் ஒருமுறை வர வேண்டும். அதைக் கேட்டபோது, பட்டியலைக் கொண்டுபோய் வீடியோவின் கடைசி நொடிகளில், திரையின் அடியில் வைத்தார். சமைக்கிறவர்கள் பட்டியல் வந்ததும் நிறுத்தி வைத்துப் பார்ப்பார்கள். நிறுத்தினால் அடியில் யூடியூபின் கட்டுப்பாட்டுப் பட்டை வந்து கடைசி வரிகளை மறைக்கும். போதாததற்கு, அடுத்த வீடியோவைக் காட்டும் பெட்டிகளும் அந்தக் கடைசி 20 நொடிக்குள்தான் வரும். ஏலக்காயும் சுக்கும் அவற்றுக்கு அடியில் போய்விட்டன.

எழுத்து வரிகளை வீடியோவோடு சேர்த்தே பதித்துவிட்டதால் நாமாக எதையும் திருத்த முடியாது. யூடியூபில் ஏற்றிய பிறகு அதே இணைப்பில் வேறு கோப்பை மாற்றி வைக்கவும் வழியில்லை. நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், வந்த பார்வைகளும் கருத்துகளும் அதோடு போய்விடும். அதனால் எழுத்து இல்லாத பிரதி ஒன்றையும், எடிட்டிங் புராஜெக்ட் கோப்பையும் சேர்த்துத் தர வேண்டும் என்று தொடக்கத்திலேயே வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பேசிவிடுங்கள். எங்களிடம் புராஜெக்ட் கோப்புக்குத் தனியாக 2,000 ரூபாய் கேட்டார்கள். அலுமினிய வாணலியை எடுத்துவிட்டுத் தரச் சொன்னதற்கும் ‘கூடுதல் திருத்தக் கட்டணம்’ என்றார்கள். அதற்குப் பிறகுதான் மீதிப் பணம் கிடையாது, முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னேன். என் எண்ணை முடக்கிவிட்டார்கள்.

வீடியோவை என் அக்கா மகன் மூலக் காட்சியிலிருந்து மறுபடி வெட்டித் தந்தான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, “இங்கே ஓட்டு, இங்கே நிறுத்து” என்று சொல்லச் சொல்லச் செய்தான். பாகு இறக்கும் கட்டம் மட்டும் ஒன்றரை நிமிடம் வெட்டில்லாமல் ஓடுகிறது. பணம் அனுப்பிய யுபிஐ விவரத்தோடும் வாட்ஸ்அப் உரையாடலோடும் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். வெண்கல உருளியும் அலுமினிய வாணலியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்தை அதில் முதல் ஆதாரமாக இணைத்திருக்கிறேன்.