ஒரு மீட்டிங் 5,488 ரூபாய் என்றார்கள், எனக்கு விழுந்தது 34,000

பெங்களூரில் சின்னதாகத் தொழில் நடத்தி, "மாசம் 15 மீட்டிங் பிடிச்சுத் தர்றோம் சார்" என்று யாராவது வந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏஜென்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரை விட அவர்கள் போட்ட கணக்குதான் முக்கியம், இந்தக் கணக்கைப் பல பேர் போடுகிறார்கள்.

என் தொழில் ஆலைகளில் கம்ப்ரஸ்டு ஏர் கசிவைக் கண்டுபிடிப்பது. பராமரிப்பு சரியில்லாத ஆலையில் கம்ப்ரஸர் தள்ளும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை பைப் ஜாயின்டிலும் ஹோஸிலும் ஒழுகிப் போகும். அத்தனையும் கரன்ட் பில்லில் வரும் காசு. நாங்கள் நாலு பேர், அல்ட்ராசோனிக் கருவியோடு போய், கசியும் இடத்தில் எல்லாம் டேக் கட்டி, ரிப்போர்ட் கொடுப்போம். பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் பத்து வருடமாக வாய்வழியாகவே வேலை வந்துகொண்டிருந்தது. போன வருடம் கொஞ்சம் மந்தம். அப்போதுதான் அந்த ஏஜென்சி வந்தது.

மூன்று மாத ஒப்பந்தம், மாதம் 75,000 ரூபாய். மொத்தம் 45 மீட்டிங், அதாவது ஒன்றுக்கு 5,000. ஈமெயிலும் லிங்க்ட்இன் மெசேஜும் அனுப்பி ஆலை மேலாளர்களை என் காலண்டரில் உட்கார வைப்பார்கள், பேசுவது மட்டும் என் வேலை. மூன்று மாதம் முடிந்ததும் அழகான ரிப்போர்ட் வந்தது. 41 மீட்டிங், 2,25,000 ரூபாய், ஒன்றுக்கு 5,488. "டார்கெட்டுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துட்டோம், இன்னும் ஆறு மாசத்துக்கு ரென்யூ பண்ணலாம்" என்றார்கள். நானும் சரி என்று சொல்லத்தான் இருந்தேன்.

தடுத்தது தங்கையின் கணவர். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சேல்ஸ் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மச்சான், 41 சரி. அதுல உக்காந்து பேசினது எத்தனை?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை காலண்டரைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் போனேன்.

ஆறு வரி, ஒரே ஆள் தேதி மாற்றியதால் இரண்டு தடவை எண்ணப்பட்டவை. போனது 6, மிச்சம் 35. பதினோரு பேர் வரவே இல்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மிச்சம் 24. அதில் ஐந்து பேர் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள், இரண்டு பேர் என் பழைய வாடிக்கையாளர்களே. "இவங்களைத் தொடாதீங்க" என்று முதல் வாரமே பட்டியல் கொடுத்திருந்தேன், அதை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. மிச்சம் 19. அந்தப் பத்தொன்பதில் பத்துப் பேருக்கு என்னால் விற்க எதுவுமே இல்லை. ஒருவர் ஹெச்ஆர், இரண்டு பேர் எனக்கே கம்ப்ரஸர் ஆயில் விற்க வந்தவர்கள், ஒரு தையல் யூனிட்டில் மொத்தமே ஒரு 10 எச்பி கம்ப்ரஸர். நிஜமான மீட்டிங் 9.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். "மீட்டிங் என்பது காலண்டர் அழைப்பு ஏற்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்டது நான்தான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வரிக்குள்தான் இத்தனையும் நடந்தது.

அடுத்து செலவுப் பக்கம். அவர்கள் கணக்கில் அவர்களுடைய ஃபீஸ் மட்டும்தான். 18 சதவீத ஜிஎஸ்டியை நான் சேர்க்கவில்லை, அது எனக்கு இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வந்துவிடும். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் அதையும் சேர்க்க வேண்டும். ஆள் பட்டியல் வாங்க 18,000, மெயில் அனுப்பத் தனியாக மூன்று டொமைன், மெயில்பாக்ஸுக்கு 7,000. ஆக ரொக்கம் 2,50,000.

அப்புறம் என் நேரம். நிறையப் பேர் விடுவது இதைத்தான், நானும் விட்டிருந்தேன். தொழிலை அவர்களுக்குப் புரியவைக்க 18 மணி நேரம். வாராவாரம் ஒரு மணி நேர ரிவ்யூ கால், 12 வாரத்துக்கு 12. அவர்கள் எழுதிய மெயிலைத் திருத்தியதும் பதில் போட்டதும் 19. வராத 11 பேருக்காகத் தயாராகிக் காத்திருந்தது 11. மொத்தம் 60 மணி நேரம். என் இடத்தில் ஓர் அனுபவமுள்ள இன்ஜினியரை வைத்தால் எல்லாம் சேர்த்து மாதம் 1,40,000 ஆகும். 175 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 800. 60 மணி நேரம் 48,000. பட்டியலைச் சுத்தம் செய்ய ஆபீஸ் பையன் செலவழித்த நேரம் 7,000. மொத்தச் செலவு 3,05,000.

வந்து பேசியவர்களோடு நான் பேசிய நேரத்தை இதில் சேர்க்கவில்லை. அது மீட்டிங் வாங்கும் செலவு இல்லை, ஆர்டர் வாங்கும் செலவு. இரண்டையும் கலந்தால் இந்த ஏஜென்சியை வேறு வழியோடு ஒப்பிட முடியாது.

3,05,000-ஐ 9-ஆல் வகுத்தால் 33,889. அதாவது ஒரு மீட்டிங் கிட்டத்தட்ட 34,000 ரூபாய்.

இது அதிகமா இல்லையா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மீட்டிங் எனக்கு எவ்வளவு பெறும் என்று தெரிய வேண்டும். என் ஒரு வேலையில் ஆட்கூலி, பயணம், என் நாட்களுக்கு அதே மணிக்கு 800 எல்லாம் கழித்து 42,000 நிற்கும். பழைய நோட்டில் மூன்று வருடக் கணக்கு இருக்கிறது. சரியான ஆளோடு உட்கார்ந்து பேசினால் நாலில் ஒன்று ஆர்டராகும். அப்படியென்றால் ஒரு மீட்டிங்கின் மதிப்பு 10,500. இதைச் சொன்னபோது ஏஜென்சிக்காரர், "சார், ரிப்பீட் ஆர்டரை நீங்க சேர்க்கலையே" என்றார். நியாயம்தான், சேர்த்தேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அடுத்த வருடம் மறுபடி கூப்பிடுவார்கள். 42,000 என்பது 63,000 ஆகிறது, மீட்டிங் மதிப்பு 15,750. அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் நஷ்டம், நான் கொடுத்தது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாச் செலவையும் ஒழுங்காகச் சேர்த்துவிட்டு, எண்ணிக்கைக்கு மட்டும் அவர்களுடைய 41-ஐப் போட்டிருந்தால் 7,439 வந்திருக்கும். 10,500-க்குக் கீழே. லாபம் என்று நினைத்து நானே சந்தோஷமாக ரென்யூ செய்திருப்பேன். செலவில் ஏமாற்ற வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை, எண்ணிக்கை போதும்.

மாதவாரியாகப் பிரித்தபோதுதான் வயிறு எரிந்தது. அவர்கள் எண்ணிக்கை 9, 14, 18. ஃபீஸை மட்டும் வகுத்தால் முதல் மாதம் ஒன்றுக்கு 8,333, மூன்றாம் மாதம் 4,167. கிராஃப் போட்டால் முன்னேற்றம். என் எண்ணிக்கை 2, 6, 1. முதல் மாதம் குறைந்தது சகஜம், புது மெயில்பாக்ஸிலிருந்து எடுத்த எடுப்பில் நிறைய அனுப்பினால் ஸ்பேமுக்குப் போகும், அதனால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். இரண்டாம் மாதம் நன்றாகவே வேலை செய்திருக்கிறார்கள், ஒன்றுக்கு 12,500. மூன்றாம் மாதம் ஒரே ஒரு நிஜமான மீட்டிங்குக்கு 75,000.

மூன்றாம் மாதம் என்ன ஆயிற்று என்பது ஜிகணியில் தெரிந்தது. ஒரு ஆலையின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், கிருஷ்ணகிரிக்காரர், தமிழ் என்று தெரிந்ததும் நேரில் வருகிறேன் என்று சொல்லிப் போயிருந்தேன். டீ சொன்னார். கம்ப்ரஸர் ரூமைக் காட்டச் சொன்னால், "அது வேற டிபார்ட்மென்ட் சார், எனக்கு அங்க போக பெர்மிஷன் கிடையாது" என்றார். அப்புறம் டீயை உறிஞ்சிக்கொண்டே, கொஞ்சம் தயங்கி, "சார், அந்த 500 ரூபா வவுச்சரு நீங்க குடுப்பீங்களா, இல்ல மெயில்ல வருமா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்து மெயிலைக் காட்டினார். என் கம்பெனி பெயரில், "20 நிமிடம் பேசினால் 500 ரூபாய் வவுச்சர்" என்று இருந்தது. 45 என்ற எண்ணைத் தொட, வரக்கூடிய யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கிறார்கள். வவுச்சர் அவருக்கு வரவும் இல்லை, நான்தான் ஜீபேயில் அனுப்பிவிட்டு வந்தேன்.

நாலு மாதம் காத்திருந்து பார்த்ததில் அந்த ஒன்பதில் இரண்டு ஆர்டர் வந்தது. 84,000. என் ஆலை வேலைக்கு ஆர்டர் முடிய இரண்டு, மூன்று மாதம் ஆகும் என்பதால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று காத்திருந்தேன். ஒன்பதில் இரண்டு என்பதை வைத்து ஆர்டர் விகிதம் கூடியது, குறைந்தது என்றும் சொல்ல முடியாது, எண்ணிக்கை சின்னது. அதனால்தான் பழைய நாலில் ஒன்றையே வைத்துக் கணக்குப் போட்டேன்.

பிறகு எட்டு சனிக்கிழமை காலை, மூன்று மணி நேரம் நானே போன் செய்தேன். 24 மணி நேரம், 19,200 ரூபாய், நம்பர் பட்டியலுக்கு 1,500. ஆறு பேர் தேதி கொடுத்தார்கள், ஐந்து பேர் வந்தார்கள், நாலு நிஜம். ஒன்றுக்கு 5,175. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான் முதலில் கூப்பிட்டது பீன்யாவில் பக்கத்துச் சுவர்க்காரர்களை. அந்தப் பட்டியல் தீர்ந்ததும் இந்த விலையில் கிடைக்காது. கடைசி இரண்டு சனிக்கிழமையில் ஒன்றுமே விழவில்லை.

இன்னொரு ஏஜென்சியை எடுத்தால் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை மாற்றி எழுதுவேன். வந்து 15 நிமிடமாவது பேசியிருக்க வேண்டும். 50 எச்பி-க்கு மேல் கம்ப்ரஸர், அதன் பொறுப்பு அந்த ஆளிடம். என் விலக்குப் பட்டியலில் இருக்கக் கூடாது. தேதி மாறினாலும் ஒன்றுதான். பரிசு, வவுச்சர் கூடாது. தகுதி இல்லை என்று ஐந்து நாளுக்குள் காரணத்தோடு நான் மறுக்கலாம். முதலில் ஒரு மாதம் மட்டும். இதற்கு ஒப்புக்கொள்கிறவர்கள் ஒன்றுக்கு 10,000 கேட்டாலும் யோசிக்கலாம், எனக்கு அது கட்டுப்படியாகும்.

அந்த மூன்று டொமைனும் என் காசில் வாங்கியவை, பதிவு மட்டும் ஏஜென்சி பெயரில். ஒப்பந்தம் முடிந்த பிறகும் போன வாரம் ஒருவர் போன் செய்து, என் மெயில் வந்ததாகச் சொல்லி வவுச்சர் கேட்டார். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.