பயணச் செலவு க்ளெய்ம் சரிபார்ப்பு: எக்செல் தாளை நீண்ட நாள் ஓட்டியதில் தெரிந்தவை

தனி மென்பொருள் வாங்காமல் எக்செல் தாளிலேயே பயணச் செலவு க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் அலுவலகங்கள் நிறைய. பெரும்பாலும் எல்லோரும் முதலில் போடுவது `=D2>E2` என்ற ஒற்றை ஒப்பீடுதான்: லைனில் உள்ள தொகை வரம்பைத் தாண்டினால் சிவப்பு. சில மாதம் ஓட்டினாலே இதன் குறை தெரிந்துவிடும். பாலிசியில் வரம்பு ஓர் இரவுக்கு, ஒரு நாளுக்கு, ஓர் ஆளுக்கு என்று எழுதியிருக்கும். க்ளெய்மிலோ ஒரு பில்லுக்கு ஒரு லைன். இந்த இரண்டும் தானாக ஒத்துப்போவதில்லை.

ஒரு மாதிரி க்ளெய்மை எடுத்துக்கொள்வோம். பயணம் 10-ஆம் தேதி முதல் 13-ஆம் தேதி வரை, மூன்று இரவு. பாலிசிப்படி அறை வாடகை வரி நீங்கலாக இரவுக்கு 100. உணவு நாளுக்கு 40. கிளம்பும் நாளிலும் திரும்பும் நாளிலும் அதில் முக்கால் பங்கு, அதாவது 30. துணி சலவை ஐந்து இரவுக்கு மேற்பட்ட பயணத்துக்கு மட்டும். க்ளெய்மில் உள்ளவை: 10-ஆம் தேதி இரவு உணவு 34, 11-ஆம் தேதி மதிய உணவு 18, இரவு உணவு 26, 12-ஆம் தேதி இரவு உணவு 96, 13-ஆம் தேதி மதிய உணவு 22, ஓட்டல் பில் 345.

வரம்பாக உணவுக்கு 40, ஓட்டலுக்கு 100 என்று மட்டும் போட்டிருந்தால், ஒற்றை ஒப்பீடு இதில் இரண்டு லைன்களைச் சிவப்பாக்கும்: 96, 345. ஓட்டல் பில்லைப் பிரித்துப் பார்த்தால் அறை வாடகை இரவுக்கு 98, மூன்று இரவுக்கு 294. அதன் மேல் 10 சதவீத வரி 29.40. மீதி 21.60 சலவைக் கட்டணம். வாடகை வரம்புக்குள்தான் இருக்கிறது. குறியிட வேண்டியது அந்த 21.60-ஐ மட்டும். 96 என்பது மூன்று பேர் சாப்பிட்ட பில், தலைக்கு 32, அதிலும் மீறல் இல்லை. உண்மையான உணவு மீறல்கள் வெள்ளையாகவே கடந்துபோயின. 10-ஆம் தேதி கிளம்பும் நாள் என்பதால் 34-இல் 4 அதிகம். 11-ஆம் தேதி இரண்டு வேளையும் சேர்ந்து 44, அங்கும் 4 அதிகம்.

ஆகவே ஃபார்முலாவைத் தொடுவதற்கு முன் லைன்களைப் பிரித்தாக வேண்டும். ஓட்டல் பில் வந்தால் வாடகையை இரவுக்கு ஒரு லைனாகவும், வரி, சலவை, உணவு ஆகியவற்றைத் தனித்தனி வகையாகவும் போட வேண்டும். இதற்கு விவரமான பில் தேவை. கார்டு ரசீது மட்டும் இணைத்திருந்தால் அந்த க்ளெய்மைச் சரிபார்க்கவே முடியாது, திருப்பி அனுப்புவதே நல்லது. அலுப்பான வேலைதான், ஆனால் மொத்த நேரத்தில் பாதி இங்கே செலவானால் அது நியாயமான செலவு.

பலர் சேர்ந்து சாப்பிட்ட பில்லை ஆளுக்கு ஒரு லைனாகப் பிரிக்க வேண்டும். A பத்தியில் க்ளெய்ம் செய்தவருடைய எண்ணைப் போடாமல் சாப்பிட்டவருடைய பணியாளர் எண்ணைப் போட வேண்டும். யார் க்ளெய்ம் செய்தார் என்பதற்கு வேறொரு பத்தி போதும். B-இல் செலவான தேதி, C-இல் வகை, D-இல் தொகை, E-இல் அந்த நாளின் வரம்பு. பிறகு இவ்வளவுதான்:

```
F2: =SUMIFS(D$2:D2,A$2:A2,A2,B$2:B2,B2,C$2:C2,C2)
G2: =ROUND(MAX(0,MIN(D2,F2-E2)),2)
```

F என்பது அந்த ஆளுக்கு, அந்த நாளில், அந்த வகையில் இதுவரை சேர்ந்த தொகை. G என்பது அந்த லைனால் வந்த மீறல். 11-ஆம் தேதி மதிய உணவு லைனில் F 18, G 0. இரவு உணவு லைனில் F 44, G 4. வரம்பைத் தாண்டவைத்த லைனிலேயே மீறல் விழுவதால் ஒரே தொகையை இரண்டு முறை கழிக்கும் ஆபத்து இல்லை. ROUND இல்லாவிட்டால் தசமக் கூட்டலின் நுண்ணிய பிழையால், வரம்பைச் சரியாகத் தொட்ட லைன்கூடச் சில நேரம் மீறலாகத் தெரியும்.

A பத்தியில் சாப்பிட்டவர் எண்ணைப் போடுவதன் பலன் அந்த 96-இல் தெரியும். மூவரில் ஒருவர் தன் சொந்த க்ளெய்மில் 12-ஆம் தேதி இரவு உணவு 20 என்று எழுதியிருந்தால், அவருடைய கூட்டுத்தொகை 52 ஆகி G-இல் 12 விழும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி 12-ஐப் பற்றியது இல்லை. ஒரே இரவில் இரண்டு இரவு உணவா என்பதுதான் கேள்வி. பதில் சரியில்லையென்றால் 20-உம் போகும். இதைத் தாள் சொல்லாது, பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். எல்லோருடைய க்ளெய்மும் ஒரே தாளில் இருந்தால்தான் இதுகூடச் சாத்தியம்.

இந்த முறை சத்தமில்லாமல் தோற்பது பெரும்பாலும் தேதியில்தான். கார்டு நிறுவனத்திலிருந்து வரும் கோப்பில் தேதியோடு நேரமும் ஒட்டியிருந்தால், ஒரே நாளின் இரண்டு லைன்கள் SUMIFS-க்கு வெவ்வேறு நாட்கள். அப்போது மீறலே இல்லாத அழகான தாள் கிடைக்கும். கண்டுபிடிப்பது எளிது: F பத்தி முழுக்க D-யின் நகலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். `=INT(B2)` என்று தனிப் பத்தியில் நேரத்தை வெட்டி, அதை மதிப்பாக ஒட்டினால் சரியாகிவிடும். வகைப் பெயரின் கடைசியில் ஒட்டிய வெற்றிடமும் இதே கோளாறைத் தரும், அதற்கு TRIM.

இன்னொன்று, கார்டு கோப்பில் செலவான தேதியும் கணக்கில் ஏறிய தேதியும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவதை எடுத்தால் 12-ஆம் தேதி உணவு 13-ஆம் தேதிக்கு நகர்ந்து, 30 என்ற குறைந்த வரம்பில் போய் மோதும். ஒரே செலவு கார்டு வழியாகவும் கையால் எழுதியும் இருமுறை வருவதும் இந்தத் தேதி வித்தியாசத்தால்தான் தப்பிவிடுகிறது. அதே ஆள், அதே தொகை, மூன்று நாள் இடைவெளிக்குள் என்று தேடினால் பெரும்பாலானவை அகப்படும்.

ஃபார்முலா வரிசையை நம்பியிருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். தேதி, வேளை வாரியாக அடுக்காவிட்டால் மீறல் தவறான லைனில் விழும். மொத்தம் மாறாது, ஆனால் பணியாளர் சண்டைக்கு வருவார். திரும்பி வந்த பணத்தை எதிர்மறை லைனாகக் கீழே போட்டால், மேலே ஏற்கெனவே விழுந்த மீறல் குறையாது. அதை மூல லைனிலேயே கழித்துவிட வேண்டும்.

நீண்ட நாள் ஓட்டும்போது அதிகம் தொல்லை தருவது E பத்திதான். வரம்பு மாறும்போது பழைய எண்ணின் மேலேயே புதியதை எழுதிவிடுவார்கள். தாமதமாக வரும் க்ளெய்ம்கள் எல்லாம் தவறாகச் சரிபார்க்கப்படும். வரம்புப் பட்டியலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது வரிசை சேர்த்து, அமலாகும் தேதியையும் எழுதி, செலவான தேதியை வைத்துத் தேட வேண்டும். க்ளெய்ம் சமர்ப்பித்த தேதி இங்கே எதற்கும் உதவாது.

குறியிட்ட லைனுக்கான குறிப்பில் நான்கு விஷயம் இருந்தால் பணியாளரிடமிருந்து திரும்பக் கேள்வி வருவது குறைகிறது. எடுத்துக்காட்டாக: "11-ஆம் தேதி உணவு: மதியம் 18, இரவு 26, மொத்தம் 44. நாள் வரம்பு 40, பாலிசியின் உணவுப் பிரிவு. அதிகம் 4." வெறுமனே "வரம்பு மீறல்" என்று எழுதினால், 26 எப்படி 40-ஐ மீறும் என்று கேட்டுத்தான் பதில் வரும்.