பேப்பர் நகரவே இல்லை, ஆனால் ஹெட் போய்விட்டது என்று 2,500 ரூபாய் வாங்கிப் போனார்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பில் பிரிண்டர் வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, தெரிந்த கடைக்காரர்களுக்கும் சொல்லுங்கள். பண்டிகைக்கு முதல் நாள் எனக்கு நடந்தது நாளை உங்களுக்கும் நடக்கலாம்.

உத்திராடத்தன்று எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் திருவோணம், வாங்காமல் விட்டதை எல்லாம் அன்றைக்கே வாங்கியாக வேண்டும் என்று ஊரே கடைத்தெருவுக்கு வந்துவிடும். பாயசத்துக்கு அடை, வெல்லம், பப்படம், மட்ட அரிசி என்று கல்லாவுக்கு முன்னால் முப்பது பேர் நிற்கிறார்கள், வேலந்தாவளம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. பத்தரை மணிக்கு பிரிண்டர் நின்றது. பச்சை விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் பில் சேவ் ஆகிறது, பேப்பர் மட்டும் வரவில்லை. நானும் கடைப் பையனும் மாறி மாறி பிரிண்ட் கொடுத்துப் பார்த்தோம். அப்புறம் துண்டுச் சீட்டில் கையால் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். இருபது சாமான் வாங்கியவருக்கு ஒவ்வொன்றாக விலை பார்த்து எழுதிக் கூட்டுவதற்குள் பின்னால் நிற்பவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

பிரிண்டர் சர்வீஸ் செய்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். பேர் சொல்லவில்லை, ஆள் யார் என்பது இங்கே முக்கியமில்லை, செய்த விதம்தான் முக்கியம். வந்தார், மூடியைத் திறந்தார், உள்ளே துணியால் துடைத்தார், கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு தடவை டெஸ்ட் பிரிண்ட் கொடுத்தார். வரவில்லை. "ஹெட் போயிடுச்சுங்க, போர்டும் சந்தேகம்தான். ஹெட் கோயமுத்தூர்ல இருந்து வரணும், இன்னைக்கே வேணும்னா புது மெஷின் 7,500 ஆகும்" என்றார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வந்ததுக்கு 500, ஹெட்டுக்கு அட்வான்ஸ் 2,000 என்று கேட்டார், கூட்டம் நிற்கிற அவசரத்தில் போனிலேயே அனுப்பிவிட்டேன். ரசீது கேட்கவில்லை. நான் செய்த பெரிய தப்பு அது.

அப்போது வரிசையில் வெல்லமும் அடையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். எங்கள் வாடிக்கையாளர் வீட்டு அம்மணி, பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மாமா, பிரிண்ட் கொடுத்தப்போ பேப்பர் கொஞ்சமாவது நகர்ந்துச்சா?"

நகரவில்லை என்றேன். அப்படியென்றால் ஹெட்டாக இருக்காது என்றாள். இந்த பிரிண்டரில் மை கிடையாது. ஹெட் சூடாகும், பேப்பர் மேலே இருக்கிற பூச்சு அந்தச் சூட்டில் கறுக்கும், அதுதான் எழுத்தாக வருகிறது. பேப்பரைத் தள்ளுவது தனி மோட்டார். ஹெட் முழுசாகச் செத்துப்போனாலும் மோட்டார் பேப்பரைத் தள்ளும், வெள்ளையாகவாவது வெளியே வரும். ஹெட் பாதி கெட்டிருந்தால் எழுத்துக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கோடு விழும். பேப்பர் அசையவே இல்லை என்றால், பில் பிரிண்டருக்கு வந்து சேர்ந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கு அவள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பிரிண்டரை ஆஃப் செய்தாள், பேப்பர் தள்ளுகிற FEED பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆன் செய்தாள், ஒன்றிரண்டு நொடியில் விட்டாள். கடகடவென்று ஒரு முழம் பேப்பர், எழுத்தும் எண்ணுமாக, பளிச்சென்று வந்தது. பெரும்பாலான பில் பிரிண்டரில் இந்த வசதி இருக்கிறதாம். ஹெட், மோட்டார், கரண்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்தப் பேப்பரே சாட்சி. சர்வீஸ்காரர் ஒரு தடவை அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால் என்னிடம் ஹெட்டுக்குப் பணம் கேட்டிருக்க முடியாது.

அடுத்து, காலையில் யாராவது வயரைத் தொட்டீர்களா என்று கேட்டாள். பையன் தூசி தட்டும்போது யுஎஸ்பி வயர் கழன்றிருக்கிறது. பழைய ஓட்டை லூசாக இருந்ததால் பக்கத்து ஓட்டையில் செருகியிருக்கிறான். அவன் மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஆனால் விலை குறைந்த இந்த மாதிரி பிரிண்டர் பலவற்றில் தனக்கென்று ஒரு சீரியல் நம்பர் இருக்காது. ஓட்டை மாறினால் விண்டோஸ் அதை வேறொரு புது பிரிண்டர் என்று எடுத்துக்கொள்ளும். பிரிண்டர் பட்டியலைத் திறந்து காட்டினாள், அதே பேர் இரண்டு தடவை இருந்தது, இரண்டாவதற்குப் பின்னால் Copy 1 என்று. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் பழைய பேருக்கே, யாருமே இல்லாத USB001 என்ற பழைய வழிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பிரிண்டர் இருந்ததோ USB002 இல்.

பழைய பிரிண்டர் பேரில் ரைட் கிளிக் செய்து, Printer properties, அதில் Ports, அங்கே USB002 க்கு டிக். இவ்வளவுதான் மாற்றம். ஆனால் அதற்கு முன்னால் அவள் பிரிண்டுக்குக் காத்திருக்கும் பில்களின் வரிசையைக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். நாங்கள் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் 47 பில் அங்கே தேங்கிக் கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் வழி திறந்ததும் அத்தனையும் மொத்தமாக அடித்துத் தள்ளியிருக்கும். அழித்துப் பார்த்தாள், Deleting என்று காட்டிக்கொண்டே போகாமல் நின்றது. அப்போது கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடித்தாள்:

```
net stop spooler
del /Q %systemroot%\System32\spool\PRINTERS\*.*
net start spooler
```

பிரிண்டுக்குக் காத்திருப்பது மட்டும்தான் இதில் போகும், பில்லிங் சாஃப்ட்வேரில் சேவ் ஆன பில் அப்படியே இருக்கும். அதையும் நான் சொன்னதை நம்பி விடாமல், கடைசிப் பில்லைத் திறந்து தொகையைச் சரிபார்த்துவிட்டுத்தான் அடித்தாள். இருபது நிமிடம் ஆனது. பின்னால் ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவள் ஒரு தடவைகூடப் பதறவில்லை, ஒன்றை மாற்றினால் அதன் பலனைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனாள்.

பில் வர ஆரம்பித்து அரை மணி கழித்து ரோல் தீர்ந்தது. பையன் அவசரத்தில் புது ரோலைத் திருப்பிப் போட்டுவிட்டான், பேப்பர் வெள்ளையாக வந்தது. இந்தத் தடவை எனக்கே தெரிந்தது, பேப்பர் நகர்கிறதே, பில் பிரிண்டருக்கு வந்து சேர்கிறது என்று. போவதற்கு முன்னால் அவள் சொல்லிக் கொடுத்தபடி நகத்தால் கீறிப் பார்த்தேன், கறுப்புக் கோடு விழுகிற பக்கம் ஹெட்டைப் பார்க்காமல் இருந்தது. ரோலைத் திருப்பிப் போட்டதும் சரியாகிவிட்டது. விவரம் தெரியாத கடைக்காரர் என்றால் இதற்கும் ஹெட் என்று சொல்லி வாங்கிவிடுவார்கள்.

மூன்று நாள் கழித்து சர்வீஸ்காரருக்குப் போன் செய்து, ஹெட் வேண்டாம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஹெட் வாங்கியாச்சு, திருப்ப முடியாது என்றார். வாங்கிய பில்லையோ ஹெட்டின் போட்டோவையோ அனுப்பச் சொன்னேன், அதன் பிறகு போனை எடுக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அவர் பேரில் ரசீது இல்லாததால் என்னிடம் இருப்பது பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும், அன்றைக்கு FEED பட்டனை அழுத்தியதில் வந்த அந்த ஒரு முழம் பேப்பரும்தான். இந்தப் பேப்பரில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும் என்று அவள் சொன்னதால் அதையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.