அப்பா திதியை போன் காலண்டரில் வைத்திருப்பது: சில வருட அனுபவம்

ஆடி அமாவாசை, தை அமாவாசை எல்லாம் தினசரி காலண்டரிலேயே அச்சாகி வந்துவிடும். வீட்டுத் திதிகளை நாம்தான் தேடி எடுக்க வேண்டும். அப்பா திதி ஆவணி மாதம் தேய்பிறை அஷ்டமி. போன் காலண்டரில் 'ஆண்டுதோறும்' என்று போட்டால் அதே ஆங்கிலத் தேதியில்தான் மணி அடிக்கும், திதியை அதற்குத் தெரியாது.

"சந்திர வருஷம் 354 நாள்தானே, 354 நாளுக்கு ஒருமுறை என்று போட்டுவிடு" என்றான் தம்பி. சரி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024-ல் திதி ஆகஸ்ட் 26. அதிலிருந்து 354 நாள் எண்ணினால் 2025 ஆகஸ்ட் 15. அஷ்டமி அங்கே பக்கத்தில்தான், 16-ஆம் தேதி வந்தது. ஆனால் அன்று ஆடி 31! ஆவணி பிறந்ததே 17-ஆம் தேதி. நம் வழக்கத்தில் சூரிய மாதமும் பொருந்த வேண்டும் என்பதால் அடுத்த தேய்பிறை வரை காத்திருந்து, செப்டம்பர் 14-இல் செய்தோம். பதினொரு நாள் பின்னே போக வேண்டியது, பத்தொன்பது நாள் முன்னே போய்விட்டது. சித்தப்பா திதி நவமி. அதே ஆவணியில் அது ஆகஸ்ட் 17, செப்டம்பர் 15 என இரண்டு முறை வந்தது. பொதுவாகப் பிந்தியதைத்தான் எடுப்பார்கள், எங்கள் வாத்தியாரும் அப்படியே சொன்னார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிராத்தத்துக்கு அபராண்ணத்தில் இருக்கும் திதிதான் கணக்கு. பகலை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு, சுமாராக மதியம் ஒன்றே காலிலிருந்து மூன்றே முக்கால் வரை. 2023-ல் திருக்கணிதப்படி செப்டம்பர் 6 மாலை 3.37-க்குத்தான் அஷ்டமி தொடங்கியது. கிருஷ்ண ஜயந்தியை அன்றிரவே பலர் கொண்டாடினார்கள். அப்பா திதியோ மறுநாள் 7-ஆம் தேதி, ஏனென்றால் அன்றுதான் அபராண்ணம் முழுக்க அஷ்டமி இருந்தது. வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் நேரம் மாறும், அதனால் நாளும் மாறலாம்.

அதனால் இப்போது போனில் ஆண்டுதோறும் அடிப்பது ஒரே நினைவூட்டல்தான்: ஏப்ரல் 14, 'பஞ்சாங்கம் பார்'. சித்திரை ஒன்று பெரிதாக நகராது. அன்று புதுப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு வீட்டுத் திதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வாத்தியாரிடம் உறுதி செய்துகொண்டு, அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் தேதி போடுகிறேன். 2026-க்கு செப்டம்பர் 4. நிகழ்வின் பெயராகவே 'அப்பா திதி, ஆவணி தேய்பிறை அஷ்டமி' என்று எழுதிவிடுவேன், போன் மாறினாலும் விவரம் தொலையாது. பதினைந்து நாள் முன்னால் ஒரு மணி, வாத்தியாரையும் சமையலுக்கு ஆளையும் சொல்லி வைக்க. முந்தின நாள் இன்னொன்று, அன்றிரவு பலகாரத்தோடு நிறுத்திக்கொள்ள.

அமெரிக்காவில் இருக்கும் தங்கைக்கும் இதைப் பகிர்ந்திருக்கிறேன். ஆனால் நம் தேதியை அவள் அப்படியே எடுக்க முடியாது. அவள் ஊர் மதியத்தில் என்ன திதி என்று அந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தனியாகப் போட்டுக்கொள்கிறாள்.